ரசீதை இடது கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்

தோழியின் அப்பா அரசுப் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு இறந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்குப் பதிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் ஒன்றும் வரவில்லை. தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, "ஒரு தடவை பார்த்துக் கொடு" என்று எனக்கு அனுப்பினாள். அவள் எழுதியது இது:

"மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம். நானும் அம்மாவும் தம்பியும் வாரிசு சான்றிதழ் கேட்டு 12.02.2025 அன்று விண்ணப்பித்தோம். எத்தனை முறை அலைந்தும் பதில் இல்லை. உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்க நேரிடும். ரசீது இணைத்துள்ளேன்."

படித்தால் நல்ல தமிழ்தான். 'வாரிசு'க்கும் 'சான்றிதழு'க்கும் நடுவில் ஒரு 'ச்' விட்டுப்போயிருக்கிறது. அதற்காக எந்த அலுவலகமும் ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் இந்த ஐந்து வரியில் பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ரசீதையும் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைக்காமல் படித்தால் அவை கண்ணில் படாது.

முதலில் தேதி. அப்பா இறந்தது 14.02.2025. விண்ணப்பித்தது 12.05.2025. ஒரு தேதியின் மாதம் இன்னொன்றில் ஏறிவிட்டது. மின்னஞ்சலை நம்பினால், அப்பா இறப்பதற்கு இரண்டு நாள் முன்பே வாரிசுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் விவகாரத்தில் இறந்த தேதி, விண்ணப்பித்த தேதி என இரண்டு எப்போதும் இருக்கும். அதனால் மெய்ப்புப் பார்க்கும்போது வாக்கியமாகப் படிக்காமல், தேதிகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய தாளோடு ஒப்பிடுங்கள். 'இரண்டு மாதமாக', 'போன வாரம்' என்று எழுதியிருந்தால் அங்கேயும் தேதியைப் போடுங்கள். உங்கள் அஞ்சலை அவர்கள் எந்த நாளில் திறப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது எண். தோழியின் கடிதத்தில் எண்ணே இல்லை. ரசீதை இணைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டாள். (இணைக்கவும் மறந்திருந்தாள். 'இணைத்துள்ளேன்' என்ற சொல்லைக் கண்டால் உடனே இணைப்பைத் திறந்து பார்ப்பது என் பழக்கம்.) எதிர்முனையில் இருப்பவர் கணினியில் எண்ணைத் தட்டித்தான் விண்ணப்பத்தைத் தேடுவார். கையில் இருக்கும் ரசீதிலும் குறுஞ்செய்தியிலும் ஒன்றுக்கு மேல் எண் இருக்கும்: குடிமகனுக்கான நிரந்தரப் பதிவான 'கேன்' எண், பணம் கட்டியதற்கான பரிவர்த்தனை எண், TN- என்று தொடங்கும் விண்ணப்ப எண். நிலவரம் கேட்க வேண்டியது விண்ணப்ப எண்ணைச் சொல்லி. பலர் கேன் எண்ணை எழுதிவிட்டு "கணினியில் வரவில்லை என்கிறார்களே" என்று புலம்புவார்கள். நீளமான எண்ணை முன்னிருந்து படித்தால் கண் ஏமாற்றும். வலது கோடியிலிருந்து இடப்பக்கமாக நான்கு நான்காகப் படியுங்கள்; ஒருவர் ரசீதைப் படிக்க மற்றவர் திரையைப் பார்ப்பது இன்னும் நல்லது.

மூன்றாவது, பெறுநர். வாரிசுச் சான்றிதழ் வழங்குபவர் வட்டாட்சியர், அதாவது தாசில்தார். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் போய், அவர்கள் விசாரித்த அறிக்கையோடு அவரிடம் வரும். தோழி கைபேசியில் குரல் வழியாகத் தட்டச்சு செய்திருந்தாள். 'வட்டாட்சியர்' என்று சொன்னது 'மாவட்ட ஆட்சியர்' ஆகிவிட்டது. இரண்டும் சரியான சொற்கள், அதனால் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடாது. பதவிப் பெயரையும் வட்டத்தின் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தே ஆக வேண்டும்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. 'நானும் அம்மாவும் தம்பியும்' என்கிறாள். விண்ணப்பத்தில் நான்கு பேர்: அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி, உயிரோடு இருக்கிறார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. விண்ணப்பத்தில் பாட்டியைச் சேர்த்துவிட்டு, கடிதத்தில் விட்டால், விசாரணையில் இருக்கும் கோப்பில் நாமே ஒரு சந்தேகத்தை எழுதிக் கொடுத்தது போல. வாரிசுகளை விவரிக்க வேண்டிய தேவையே இந்தக் கடிதத்தில் இல்லை. விண்ணப்பத்தில் சொன்னதை வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லாதீர்கள். சொன்னால் முரண் வரும். முதலெழுத்துக்கும் இதே எச்சரிக்கை. ஆதாரில் கணவரின் முதலெழுத்தும் ரசீதில் அப்பாவின் முதலெழுத்தும் இருக்கும் பெண்கள் நிறைய. எது சரி என்று யோசிக்காதீர்கள். ரசீதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

தகவல் உரிமை மிரட்டலை அடித்துவிட்டேன். அது வேறு வழி: பொதுத் தகவல் அலுவலருக்குத் தனி மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. நிலவரம் கேட்கும் அஞ்சலில் ஒரு வரி சேர்ப்பதால் அது தகவல் உரிமை மனு ஆகிவிடாது. 'எத்தனை முறை அலைந்தும்' என்பதும் போயிற்று. அந்த இடத்தில் அவசரத்தின் உண்மையான காரணம் வந்தது.

திருத்திய பிறகு இப்படி ஆனது:

"பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், (வட்டத்தின் பெயர்).
பொருள்: வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தின் தற்போதைய நிலை கோருதல் – தொடர்பாக.
பார்வை: விண்ணப்ப எண் (ரசீதில் உள்ளபடி), நாள் 12.05.2025.

ஐயா/அம்மா, வணக்கம். 14.02.2025 அன்று காலமான என் தந்தையின் வாரிசுச் சான்றிதழ் வேண்டி, பார்வையில் கண்ட எண்ணில் விண்ணப்பித்துள்ளேன். விண்ணப்பம் தற்போது எந்த நிலையில் உள்ளது என்றும், கூடுதல் ஆவணம் ஏதேனும் தேவையா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன். கருணை அடிப்படையிலான பணி நியமனத்துக்கு விண்ணப்பிக்க இச்சான்றிதழ் தேவைப்படுகிறது. ரசீதின் நகல் இணைக்கப்பட்டுள்ளது."

கீழே பெயரும் கைபேசி எண்ணும். ஆதார் எண்ணை எழுதவில்லை. விண்ணப்பத்தைத் தேட அது தேவையில்லை.

அனுப்புவதற்கு முன், அதே அஞ்சலைத் தோழி முதலில் தனக்கே அனுப்பி வேறொரு கைபேசியில் திறந்தாள். பழைய கணினி மையத்தில் வானவில், பாமினி போன்ற எழுத்துருவில் அடித்து ஒட்டிய தமிழ், அடுத்தவர் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இப்படிச் சோதித்தால்தான் அது பிடிபடும். அவளுடைய தமிழ் சரியாகத் தெரிந்தது. ரசீதின் படம்தான் தலைகீழாக, கடைசி நான்கு எண்கள் நிழலில் மறைந்து வந்திருந்தது. திரும்பப் படம் எடுத்து, மாற்றி இணைத்து அனுப்பினாள்.

அனுப்பிய அஞ்சலை அச்செடுத்து ரசீதோடு வைத்திருக்கிறாள். பதில் வராமல் மறுபடி எழுத நேர்ந்தால் பொருள் வரி மாறாது. 'பார்வை'யில் மட்டும் இரண்டாவதாக இந்த அஞ்சலின் தேதி ஏறும்.