நன்றி நவிலல் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்தது. மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கிட்ட நீர் திறந்திருக்கும் அச்சுக் கடைக்குக் கலியாணக் கார்டைவிட மரண அறிவித்தலும் நினைவு மலரும்தான் கூடுதலாக வருகின்றன என்று எழுதியிருந்தீர். 31ஆம் நாள் சபையில் நன்றியுரை வாசித்துத் தரும்படியும் சனம் கேட்கிறார்களாம். நல்லது. கூடவே நீர் அனுப்பிய நன்றி நவிலல் வரைவை ஆறுதலாகப் படித்தேன். அமிர்தகழி வாவிக்கரை வீட்டு அம்மாவுக்காக, சுவிஸில் இருக்கும் மூத்த மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நீர் எழுதியது. அதை வைத்தே என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

வரைவில் முதலில் வைத்தியர் வருகிறார். பிறகு மலர்வளையம் வைத்த அரசியல் பிரமுகர், மரணாதார சங்கத் தலைவர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய நண்பர்கள். இவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. கடைசி வரியில் “மற்றும் பல வழிகளிலும் உதவிய அனைவருக்கும்” என்று முடித்திருக்கிறீர். அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குள் யார் யார் போய்விட்டார்கள் என்று ஒருமுறை அந்த வீட்டில் போய்க் கேட்டுப் பார்த்தீரா?

நடந்தது இதுதான். அம்மா கண்ணை மூடியது இரவில். அடக்கம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று உமக்குத் தெரியும். விடியமுன் பக்கத்து வளவுப் பெண்கள் தங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக் கேத்தலோடு கொண்டுவந்தார்கள். மத்தியானத்துக்குச் சோறும் சொதியும் ஆளுக்கொரு சட்டியாக வந்தன. ஒழுங்கைப் பெடியன்கள் சங்கத்துக் கதிரைகளை லான்ட்மாஸ்டரில் ஏற்றி வந்து, பந்தல் போட்டு, வீதியில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அவர்களில் சிலர் மண்வெட்டியோடு சவக்காலைக்குப் போனார்கள். அது மார்கழி மழைக்காலம். வாவியை அண்டிய மணலில் கொஞ்சம் ஆழம் போனாலே ஊற்று வந்துவிடும். ஒருவர் வாளியால் தண்ணீரை இறைக்க, மற்றவர் இடிந்து விழும் மணலை வெட்டி எறிய, அப்படித்தான் அந்தக் குழி முடிந்தது. இத்தனை பேரும் உம்முடைய வரைவில் ஒரு சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

அன்றைய தினமே இவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர். செத்த வீட்டில் அது முடியாது. வருபவரை “வாங்க” என்று வாசலில் நின்று அழைப்பதில்லை. போகிறவரும் “போயிற்று வாறன்” என்று சொல்லாமல்தான் எழும்பிப் போவார். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னால், வந்த வேலை முடிந்துவிட்டது, இனிப் போகலாம் என்று அனுப்புவது போலாகிவிடும். அதற்குப் பிறகு வீட்டுக்காரருக்குத் துடக்கு. 31ஆம் நாள் அந்தியேட்டிவரை அவர்கள் மற்றவர் வீட்டுக்குப் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. ஆகவே நன்றி இயல்பாகவே ஒரு மாதம் காத்திருக்கிறது. அந்த ஒரு மாதத்தில்தான் மறதி வருகிறது. காசு அனுப்பியவரின் பெயர் வங்கிச் சீட்டில் இருக்கும், மலர்வளையத்தில் பெயர் எழுதியே இருக்கும். சோற்றுச் சட்டியில் யார் பெயரும் இருக்காது.

அதனால் மரண அறிவித்தலுக்காக வீட்டார் முதன்முதல் உம்மிடம் வரும்போதே ஒரு கொப்பி வைக்கச் சொல்லும். அநேகமான வீடுகளில் கொப்பி இருக்கும், ஆனால் காசும் சாமானும்தான் அதில் ஏறும்: இன்னார் இவ்வளவு, இன்னார் சீனி, இன்னார் தேயிலை. செய்த வேலையையும் எழுதச் சொல்லும். யார் ராத்திரி முழுக்க விழித்திருந்தது, யார் கிராம சேவையாளரிடம் ஓடியது, யார் தேவாரம் படித்தது, யார் கிடங்கு வெட்டப் போனது. வீட்டில் உள்ளவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அந்தக் கொப்பியை ஒரு மருமகனோ மச்சானோதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமைத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கூடுதலான மனத்தாங்கல் வருகிறது. சமைத்தவர்கள் இரண்டு வகை. 31ஆம் நாள் சமையலுக்குக் கூலி பேசி வருபவர் ஒருவர், அவருடன் கைக்கு உதவியாக இரண்டு மூன்று பேர். முதல் நாள் பின்னேரமே வந்து மரக்கறி வெட்டி, தேங்காய் துருவி, விடிய விடிய அடுப்படியில் நிற்கும் அயல் பெண்கள் இன்னொரு வகை. கூலிக்கு வந்தவருக்கு முதல் நன்றி, கிடாரம் கழுவி முடியமுன் அவர் கணக்கைத் தீர்ப்பது. “தம்பி சுவிஸிலிருந்து காசு போட்டதும் தாறம்” என்று அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, நினைவு மலரில் எத்தனை அழகாக எழுதினாலும் அவர் அதைப் படிக்கமாட்டார். அவர் எல்லோருக்கும் பிறகுதான் சாப்பிட உட்காருவார். அப்போது வீட்டுக்காரரில் ஒருவர் நின்று பரிமாற வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகச் சோறும் கறியும் கட்டிக் கொடுக்க வேண்டும்.

மாறாக, அயல் பெண்களுக்குக் காசு நீட்டக்கூடாது. அவர்கள் செய்ததற்கு விலை போட்டதாகிவிடும். 31ஆம் நாள் சமைத்த சாப்பாட்டை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அதையும் பெடியன்களிடம் கொடுத்துவிடாமல் மகளோ மருமகளோ தன் கையால் கொண்டுபோக வேண்டும். நீர் குறிப்பிட்ட வீட்டில் மகள் அப்படிப் போயிருக்கிறார். ஒரு பெண், “இது என்ன புள்ள, உன்ர அம்மா எனக்குச் செய்யாததா?” என்று சொல்லி வாங்கியிருக்கிறார். அந்தப் பதிலோடு நன்றி முடிந்துவிட்டது. இனி அந்தப் பெண்ணின் வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் இவர் போய் வெங்காயம் உரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழி வெட்டிய பெடியன்களுக்குச் சாராயப் போத்தல் வாங்கிக் கொடுப்பதே நன்றி என்று சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தப் போத்தலுக்கு அன்று இரவு அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் விலை கொடுக்கிறார்கள். குளித்துவிட்டு வந்ததும் சுடச்சுடச் சாப்பாடு, உடுத்தது நனைந்து கிழிந்தவனுக்கு ஒரு சாரம், 31ஆம் நாள் பந்தியில் முதல் வரிசையில் இடம். இவ்வளவும் செய்தால் போதும். வீட்டார் உம்மிடம் கேட்டால் இதைத் துணிந்து சொல்லும்.

கட்டாடி, பரியாரி, பறைமேளம் அடித்தவர்கள் விஷயத்தில் நீர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். முந்தி இவர்கள் செய்தது குடிமைக் கடமை என்றே எண்ணப்பட்டதால், எந்த நன்றி நவிலலிலும் இவர்கள் வந்ததில்லை. அது அநியாயம். அதற்காக இன்று அவர்கள் பெயரையும் தொழிலையும் சேர்த்து அச்சடித்தால் நியாயம் ஆகிவிடுமா? பள்ளிக்கூடம் போகும் அவர்கள் பிள்ளைகளின் நெற்றியில் சாதியை ஒட்டியதாகிவிடும். ஆகவே அவர்களிடமே போய்க் கேளும். “இப்படிப் போடலாமா, வேண்டாமா?” என்று கேட்பதே பெரிய மரியாதை. வேண்டாம் என்றால் “இறுதிக் கிரியைகளை நிறைவாக நடத்தித் தந்தவர்களுக்கும்” என்று ஐயரையும் தேவாரம் படித்தவரையும் அவர்களையும் ஒரே வரியில் சேர்த்து எழுதும். கூலியைப் பேசியதைவிடக் குறைக்காமல், இருக்கச் சொல்லிக் கையில் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொல்லும்.

காசு தந்தவர்களுக்கு வருவோம். மூத்த மகன் தொகையோடு பெயர் போடச் சொன்னார் என்றீர். போடாதேயும். கொப்பியில் தொகை எழுதுவது, நாளை அவர்களுக்கு ஒன்று என்றால் திருப்பிச் செய்வதற்காக. ஊருக்கு வாசித்துக் காட்ட அல்ல. பெருந்தொகை அச்சில் வந்தால், தன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து ஒரு சுண்டு அள்ளித் தந்தவள் இனி எந்தச் செத்த வீட்டுக்கும் கொண்டுபோகக் கூசுவாள். வெளிநாட்டில் உள்ளவர்களை மகன் தானே கூப்பிட்டு, “நீங்கள் அனுப்பியது பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போயிற்று” என்று சொன்னால் அவர்களுக்கு அதைவிட நிறைவு வேறில்லை. சங்கத்துக்கு நன்றி என்பது கதிரைகளை எண்ணி, கழுவி, உடைந்ததற்குக் காசு வைத்துத் திருப்பிக் கொடுப்பது. அதோடு செயலாளர் பெயருக்கு ஒரு கடிதம்.

வந்து ஆறுதல் சொன்னவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்கு வீடு போக முடியாது. அவர்களுக்காகத்தான் அச்சிட்ட நன்றி. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்களை அந்த வீட்டார் விசேஷமாகச் சொல்லச் சொன்னார்களாம். வரிசையில் தனியாகப் பிரித்து “முஸ்லிம் சகோதரர்கள்” என்று போடுவதைவிட, அம்மாவோடு சந்தையில் பழகியவர்கள் என்று அந்த உறவைச் சொல்லும். தூரத்து ஊர்களில் உள்ள சொந்தங்களை ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்தில் காணலாம். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய எல்லா ஊரிலிருந்தும் அங்கே வருவார்கள் அல்லவா? அன்று நேரில் சொல்லும் வார்த்தை நினைவு மலரைவிட நன்றாகப் போய்ச் சேரும். ஒன்று கவனம்: கலியாணத்துக்குப் பந்தல் போட்ட வீட்டுக்கோ பிள்ளை பிறந்த வீட்டுக்கோ நினைவு மலரைக் கொண்டுபோகச் சொல்லாதேயும். அந்த விசேஷம் முடியட்டும்.

இனி உம்முடைய வரைவை நான் இப்படி மாற்றுவேன்:

“எங்கள் அம்மாவை நோயில் பார்த்த போதனா வைத்தியசாலை வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாளில் சோறு கொண்டுவந்த அயல் வீட்டுப் பெண்களுக்கும், மழைக்குள் நின்று பந்தல் போட்டு, ஊற்று நீரை இறைத்துக் குழி வெட்டித் தந்த எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும், கிரியைகளை நிறைவாக நடத்தித் தந்தவர்களுக்கும், மரணாதார சங்கத்தினருக்கும், சந்தையில் அம்மாவோடு பழகி வந்து துக்கத்தில் கூட இருந்தவர்களுக்கும், நேரிலும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்னவர்களுக்கும், பொருளாலும் பணத்தாலும் தாங்கியவர்களுக்கும், 31ஆம் நாள் சமைத்துப் பரிமாறியவர்களுக்கும் எங்கள் நன்றி. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்.”

இதில் ஆளின் பெயர் ஒன்றும் இல்லை. ஒரு பெயர் போட்டால் விடுபட்ட பெயர் நோகும். ஆனால் ஒவ்வொருவரும் தான் செய்த வேலையை வாசித்து, இது நான்தான் என்று அறிந்துகொள்வார். பிரமுகர் மலர்வளையம் வைத்ததற்கு மகன் தனிக் கடிதம் எழுதட்டும், அதைத் தடுக்க வேண்டாம். மகன் சம்மதிக்காவிட்டால் வீட்டில் இருக்கும் மகளிடம் வாசித்துக் காட்டும். அந்த ஒரு மாதமும் அங்கே நின்றவர் அவர்தான்.

அச்சுக்குப் போகமுன் அந்தக் கொப்பியை வாங்கி, வரிக்கு வரி ஒத்துப் பாரும். கொப்பியில் உள்ள ஒரு வேலையாவது வரைவில் இல்லை என்றால் அச்சை நிறுத்தி வையும்.

அன்புடன்,
உம்முடைய அண்ணன்