குளிர்பதனப் பெட்டியை ஒப்பிடுதல்

புணே நகருக்கு மாற்றலாகி வந்த மாறனின் குடும்பத்தினர் முதன்முறையாகக் குளிர்பதனப் பெட்டி வாங்கக் கடைக்குச் சென்றனர். அங்கிருந்த இரண்டு பெட்டிகளிலும் மூன்று நட்சத்திரங்கள் இருந்தன.

"அப்பா, இரண்டும் ஒரே அளவு மின்சாரந்தானே செலவழிக்கும்?" என்றான் மாறன்.

"ஒட்டுத்தாளை முழுவதும் படித்துப் பார்" என்றார் தந்தை.

முதல் பெட்டியின் கொள்ளளவு 190 லிட்டர். ஆண்டு மின்நுகர்வு 150 யூனிட். இரண்டாவது பெட்டியின் கொள்ளளவு 260 லிட்டர். ஆண்டு மின்நுகர்வு 220 யூனிட்.

"ஒரே வகையும் ஒரே அளவும் கொண்ட பெட்டிகளை ஒப்பிடவே நட்சத்திரம் உதவும். அளவு வேறுபட்டால் யூனிட்டைப் பார்க்க வேண்டும். ஒரு யூனிட் 8 ரூபாய் எனில், இரண்டாவது பெட்டிக்கு ஆண்டுதோறும் 560 ரூபாய் கூடுதலாகச் செலவாகும்" என்று தந்தை விளக்கினார்.

இரண்டாவது பெட்டியின் மீது 'பத்து ஆண்டு உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. தாய் உத்தரவாத அட்டையை வாங்கிப் படித்தார். பத்து ஆண்டு கம்ப்ரசருக்கு மட்டுமே. மற்ற பாகங்களுக்கு ஓராண்டுதான். முதல் பெட்டிக்கும் அதே உத்தரவாதமே இருந்தது.

மூவர் வாழும் வீட்டிற்கு 190 லிட்டர் போதும் என்று முடிவுசெய்து, முதல் பெட்டியையே வாங்கினர்.

பயிற்சி

1. ஆண்டுக்கு 560 ரூபாய் என்னும் கணக்கு எவ்வாறு வந்தது?
2. மூன்றாம் ஆண்டில் கதவின் ரப்பர் கிழிந்தால் செலவை யார் ஏற்க வேண்டும்? ஏன்?
3. உங்கள் வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டியின் கொள்ளளவு, மின்நுகர்வு, உத்தரவாதம் ஆகியவற்றை மூன்று தொடர்களில் எழுதுக.