முழு நேரம், பகுதி நேரம், கான்ட்ராக்ட்: எல்லா வேலையையும் ரெஸ்யூமேயில் ஒரே வரிசையில் காட்ட 7 குறிப்புகள்

கணக்கு வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் முழு நேர வேலை, பிறகு வீட்டிலிருந்தே கடைகளுக்கு ஜி.எஸ்.டி. தாக்கல், நடுவில் ஒரு பயிற்சி மையத்தில் டேலி வகுப்பு, அப்புறம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கான்ட்ராக்ட், கடைசியில் அங்கேயே நிரந்தரம். இவர் முழு நேர வேலைகளை மட்டும் எழுதினால் நடுவில் நான்கு வருடத்துக்கும் மேல் வெற்றிடம் விழும். எல்லாவற்றையும் முழு நேரம் போல எழுதினால் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார். இரண்டும் நேராமல் எழுதும் வழி இதோ.

1. முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள். ஞாபகத்திலிருந்து தேதி எழுத வேண்டாம். முழு நேர வேலைக்கு ஆஃபர் லெட்டரும் ரிலீவிங் லெட்டரும் போதும். பி.எஃப். பிடித்த வேலைகளுக்கு, இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் View பகுதியில் Service History என்று இருக்கும். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் அதில் தெரியும். புதிய கம்பெனியின் எச்.ஆர். பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதைத்தான். கடிதத்தில் ஒரு தேதியும் அங்கே வேறு தேதியும் இருந்தால், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பழைய கம்பெனியிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

2. ஒரே பட்டியலாக எழுதுங்கள். ‘பணி அனுபவம்’ என்று ஒரு தலைப்பும், ‘இதர பணிகள்’ என்று கீழே இன்னொரு தலைப்பும் வைப்பது பலருடைய வழக்கம். படிப்பவர் முதல் பட்டியலை மட்டும் பார்த்து, இடைவெளி இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். அதனால் எல்லா வேலையும் ஒரே தலைப்பின் கீழ், கடைசியாக முடிந்தது மேலே வரும்படி இருக்கட்டும். ஒவ்வொரு வரியும் ஒரே ஒழுங்கில் வர வேண்டும்: பதவி, வேலை வகை, நிறுவனம், ஊர், மாதமும் வருடமும். வருடத்தை மட்டும் எழுதாதீர்கள். ‘2020 – 2021’ என்பது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு வருடமாகவும் இருக்கலாம். நம் கணக்கர் ஜூன் 2025ல் எழுதினால் பட்டியல் இப்படி வரும்:

- கணக்கு அலுவலர், முழு நேரம், பம்ப் தயாரிப்பு நிறுவனம், கோவை: ஜூலை 2022 முதல் இன்று வரை
- கணக்கர், கான்ட்ராக்ட், அதே நிறுவனத்தில் (மேன்பவர் ஏஜென்சி மூலம்), கோவை: ஜனவரி 2021 – ஜூன் 2022
- கணக்கு, ஜி.எஸ்.டி. சேவை, ஃப்ரீலான்ஸ், திருப்பூர்: ஏப்ரல் 2018 – டிசம்பர் 2020
- டேலி பயிற்சியாளர், பகுதி நேரம் (வாரம் 8 மணி நேரம்), பயிற்சி மையம், திருப்பூர்: ஜூலை 2019 – ஏப்ரல் 2020
- கணக்கு உதவியாளர், முழு நேரம், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்: ஜூன் 2015 – மார்ச் 2018

உங்கள் ரெஸ்யூமேயில் நிறுவனப் பெயர்களை முழுதாக எழுதுங்கள்.

3. கான்ட்ராக்ட் என்றால் இரண்டு பெயரும் வேண்டும். தினமும் போய் வேலை பார்த்தது பம்ப் கம்பெனியில். சம்பளம் போட்டு பி.எஃப். கட்டியது ஏஜென்சி. பி.எஃப். பதிவில் ஏஜென்சி பெயர்தான் வரும். பம்ப் கம்பெனியை மட்டும் எழுதிவிட்டால், சரிபார்க்கிறவர் அங்கே விசாரிக்கும்போது ‘எங்கள் ஊழியர் பட்டியலில் அப்போது இல்லை’ என்ற பதில் வரலாம். ஏஜென்சியை மட்டும் எழுதினால் எந்தத் துறையில் வேலை பார்த்தீர்கள் என்பதே தெரியாது.

4. நிரந்தரம் ஆன தேதியைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். அதே நாற்காலி, அதே வேலை என்பதால் ‘ஜனவரி 2021 முதல்’ என்று ஒரே வரியாக எழுதத் தோன்றும். கம்பெனி தரும் அனுபவச் சான்றிதழோ ஜூலை 2022ல்தான் தொடங்கும். இரண்டு வரியாகவே வைத்து, மேல் வரியின் கீழ் ‘கான்ட்ராக்டில் இருந்தபோது நிறுவனமே நிரந்தரமாக எடுத்துக்கொண்டது’ என்று ஒரு வாக்கியம் சேருங்கள். தேதியும் பொருந்தும், வேலை பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் விளங்கும்.

5. ஃப்ரீலான்ஸ் வேலைகளை ஒரு குடையின் கீழ் கொண்டுவாருங்கள். ஆறு கடைகளுக்குக் கணக்கு எழுதியிருந்தால் ஆறு வேலையாகக் காட்ட வேண்டாம். வேலைக்கு வேலை தாவியவர் போலத் தோன்றும். தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரே பதிவாக வைத்து, கீழே இரண்டு மூன்று வரியில் விவரம் தாருங்கள்: ‘2 ஜவுளிக்கடை, 3 மளிகைக்கடை, 1 அச்சகம், மாதாந்தரக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு ஒப்பீடு.’ வாடிக்கையாளர் பெயரை வெளியிட அனுமதி இல்லையென்றால் தொழிலை மட்டும் சொன்னால் போதும். ஆதாரமாக, டி.டி.எஸ். பிடித்த வாடிக்கையாளரிடம் படிவம் 16ஏ கேட்டு வாங்குங்கள். சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் கொடுத்த பில், வங்கியில் பணம் வந்த பதிவு, அந்த வருடத்து வருமான வரி ரிட்டர்ன் ஆகியவைதான் சாட்சி.

6. ஒரே காலத்து வேலைகளை இரண்டு முறை எண்ணாதீர்கள். நம் கணக்கரின் மாதங்களைக் கூட்டுவோம். பனியன் கம்பெனி 34, ஃப்ரீலான்ஸ் 33, கான்ட்ராக்ட் 18, நிரந்தரம் 36; மொத்தம் 121 மாதம், அதாவது 10 வருடம் 1 மாதம். டேலி வகுப்பின் 10 மாதத்தையும் கூட்டினால் 10 வருடம் 11 மாதம் ஆகிவிடும். ஆனால் அந்த 10 மாதமும் ஃப்ரீலான்ஸ் காலத்துக்குள்ளேயே இருக்கிறது. சரிபார்க்க எளிய வழி: முதல் வேலை தொடங்கிய மாதத்திலிருந்து இன்றுவரை எண்ணுங்கள். உங்கள் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எதையோ இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள். குறைந்தால் இடைவெளி இருக்கிறது. பகுதி நேர வேலைக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்று எழுதிவிட்டால், இரண்டையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்ற கேள்வியே எழாது. முழு நேர வேலையோடு சேர்த்து வெளிவேலை பார்த்திருந்தால், அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் அதை அனுமதித்ததா என்று பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

7. கட்டம் போட்ட அட்டவணை வேண்டாம். காலவரிசை என்றதும் இரண்டு பத்தி, கோடு, கட்டம் என்று அழகுபடுத்துவார்கள். வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் அதைப் படிக்கும்போது ஒரு வேலையின் தேதி இன்னொரு வேலையோடு ஒட்டிக்கொள்ளும். கோப்பில் உள்ள எழுத்தை முழுவதும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பதவியும் அதன் தேதியோடு சேர்ந்தே வந்தால் சரி. கலைந்து வந்தால் சாதாரண வரிகளாக மாற்றுங்கள். பிறகு இதே தேதிகளையும் வேலை வகையையும் லிங்க்ட்இன், நௌக்ரி பக்கங்களிலும் ஏற்றுங்கள். ரெஸ்யூமேயில் ‘கான்ட்ராக்ட்’, அங்கே ‘முழு நேரம்’ என்று இருந்தால், நேர்காணலில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.