நம்பிக்கைகளும் உண்மைகளும்: போனில் தேதியைத் திருப்பினால் செத்த லிங்க் பிழைக்காது

"போன்ல தேதியை நாலு நாள் பின்னால தள்ளி வெச்சா, காலாவதியான டவுன்லோடு லிங்க் மறுபடியும் திறந்துடும்."

திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் இதைச் சொல்லாத ஆளே இப்போது இல்லை. போட்டோ ஸ்டுடியோக்காரர் சொன்னாராம், காலேஜ் படிக்கும் பையன் சொன்னானாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம். யார் சொன்னாலும் தப்பு தப்புதான். இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. அதனால் இந்த மாதம் முக்கால்வாசி இடம் இந்த ஒரு புரளிக்கே.

2025 தீபத் திருவிழாவின்போது நடந்ததையே எடுத்துக்கொள்வோம். தேரடி வீதிப் பக்கம் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, மகள் கல்யாணப் படங்களை ஒரு ஸ்டுடியோ அனுப்பியது. நவம்பர் 27 அன்று இரவு 7 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. லிங்க் மட்டும்தான், அதற்கு மேலும் கீழும் ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அது வருஷத்தின் முக்கியமான வியாபார வாரம். டிசம்பர் 3 மகா தீபம், அடுத்த நாளே பௌர்ணமி கிரிவலக் கூட்டம். கடையைவிட்டு நகர முடியாதவர், டிசம்பர் 5 காலை 9.40-க்குத்தான் லிங்கைத் தொட்டார். படம் வரவில்லை. யாரோ சொன்னபடி போனில் தேதியை டிசம்பர் 2 என்று மாற்றினார். அப்போதும் வரவில்லை. "அண்ணா, தேதியை மாத்தி வெச்சும் வரலையே, என் போன் பழசுன்னாலயா?" என்று போனை என் முன்னால் வைத்தார்.

போன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த லிங்கின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது:

```
?X-Amz-Date=20251127T133000Z
&X-Amz-Expires=604800
&X-Amz-Signature=...
```

முதல் வரி, லிங்க் உருவான நேரம்: 2025 நவம்பர் 27, 13.30 மணி. கடைசியில் உள்ள `Z` என்ற எழுத்து, அது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் போவதால், நமக்கு அது இரவு 7 மணி. இரண்டாவது வரி, லிங்கின் ஆயுள். 604800 விநாடி என்றால் சரியாக ஏழு நாள். அமேசானின் சேமிப்புக் கிடங்கிலிருந்து இப்படித் தரப்படும் லிங்குக்கு அதுதான் உச்ச ஆயுள். அதற்கு மேல் கேட்டாலும் கிடைக்காது. ஆக, டிசம்பர் 4 இரவு 7 மணிக்கே அந்த லிங்கின் கதை முடிந்துவிட்டது. நம்மவர் தொட்டது அதற்குப் பதினாலரை மணி நேரத்துக்கும் மேல் கழித்து.

படத்துக்குப் பதிலாக அவருடைய திரையில் வந்தது இது:

```
<Code>AccessDenied</Code>
<Message>Request has expired</Message>
<Expires>2025-12-04T13:30:00Z</Expires>
<ServerTime>2025-12-05T04:10:22Z</ServerTime>
```

கடைசி வரியைப் படியுங்கள். `ServerTime` என்றுதான் இருக்கிறது. கோப்பை வைத்திருக்கும் சர்வர், தன்னுடைய கடிகாரத்தை லிங்கின் கெடுவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கதவை மூடிவிட்டது. உங்கள் போனில் மணி என்ன என்று அது கேட்கவே இல்லை. விழுப்புரம் ரயில் போன பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் ரயில் திரும்பி வருமா?

"சரி, லிங்கில் இருக்கும் தேதியையே மாற்றிவிட்டால்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்காகத்தான் மூன்றாவது வரி. `X-Amz-Signature` என்பது கோப்பின் பெயர், நேரம், ஆயுள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட நீளமான எழுத்துக் கோவை. அனுப்பியவரின் கணக்குக்குரிய ரகசியச் சாவி இல்லாமல் அதை யாராலும் உருவாக்க முடியாது. லிங்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும் சர்வர் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும், விடை ஒத்துப்போகாது, லிங்கை நிராகரித்துவிடும். எல்லா லிங்கிலும் தேதி இப்படி வெளியே தெரியாது என்பதும் உண்மை. பல சேவைகளில் லிங்க் வெறும் எழுத்துக் குவியலாக இருக்கும். கெடு அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும். அங்கேயும் பார்க்கப்படுவது அவர்களுடைய கடிகாரம்தான்.

இந்தப் புரளி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சில விளையாட்டுச் செயலிகள் நேரத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்ளும். அவற்றில் தேதியை மாற்றினால் தீர்ந்துபோன உயிர் திரும்பக் கிடைக்கும். முப்பது நாள் இலவசம் என்று வந்த பழைய மென்பொருள்கள் சிலவும் அப்படி ஏமாந்தவைதான். அவற்றில் கணக்கு வைத்திருந்தது உங்கள் கையில் இருந்த கருவி. டவுன்லோடு லிங்கில் கணக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

பலிக்காவிட்டால் நஷ்டமில்லை என்றும் நினைக்காதீர்கள். தேதியை மாதக்கணக்கில் பின்னால் தள்ளினால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். `NET::ERR_CERT_DATE_INVALID` என்று சொல்லி, நல்ல தளங்களைக்கூடத் திறக்காது. வாட்ஸ்அப், முதலில் தேதியைச் சரிசெய் என்று நின்றுவிடும். முப்பது விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் பாதுகாப்புச் செயலி தவறான எண்ணைக் காட்டும். பிறகு பேங்க் கணக்கு திறக்கவில்லை, மெயில் திறக்கவில்லை என்று அதே போன் என் மேஜைக்கு வருகிறது. செட்டிங்ஸில் தானியங்கித் தேதியை மறுபடி இயக்கியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது, லிங்க் ஒன்றைத் தவிர.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம்.

நம்பிக்கை: தீபக் கூட்டத்தில் டவர் பிஸி, அதனால்தான் லிங்க் திறக்கவில்லை.
உண்மை: நெட் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே வராது; பக்கம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுத் தொடர்பு இல்லை என்று பிரவுசர் சொல்லும். காலாவதி என்ற பதில் வந்திருந்தால் நெட் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டம் காரணமாகலாம். நான் மேலே காட்டிய வகை லிங்கில், கெடு முடிவதற்குள் தொடங்கிய டவுன்லோடு, கெடு தாண்டியும் ஓடி முடியும். நடுவில் அறுந்து, கெடு முடிந்த பிறகு மறுபடி தொடங்கினால் மறுப்புதான். பெரிய கோப்பைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், அதுவும் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் நின்றுகொண்டு.

நம்பிக்கை: திறக்காத லிங்க் எல்லாம் காலாவதியானது.
உண்மை: இல்லை. 2020 மே மாதத்தில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி வீட்ரான்ஸ்ஃபர் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. உயிருள்ள லிங்க்கூட அப்போது இங்கே திறக்கவில்லை. கூகுள் டிரைவில் 'அனுமதி தேவை' என்று வந்தால், அனுப்பியவர் உங்களுக்குக் கதவைத் திறந்துவிடவில்லை, அவ்வளவுதான். திரையில் வந்த வாசகத்தைப் படிக்காமல் முடிவு கட்டாதீர்கள்.

நம்பிக்கை: எல்லா லிங்குக்கும் ஒரு வாரம் ஆயுள்.
உண்மை: ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. வீட்ரான்ஸ்ஃபர் இலவச சேவையில் முன்பு ஏழு நாள் இருந்தது, பிறகு மூன்று நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆப்பிளின் மெயில் டிராப் முப்பது நாள் வைத்திருக்கும். 2020-இல் மூடப்பட்ட ஃபயர்ஃபாக்ஸ் செண்டில், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஒருமுறை இறக்கியதுமே லிங்க் முடிந்துபோனது. குடும்ப குரூப்பில் போட்டிருந்தால் முதலில் தொட்டவருக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

நம்பிக்கை: லிங்க் செத்தால் படமும் போயிற்று.
உண்மை: இதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. பாதிப்பேர் இதை நம்பிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மீதிப்பேர் செத்த லிங்கை மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டுகிறார்கள். வெளியாள் எவராலும் மீட்க முடியாது. ஆனால் காலாவதியானது வழி மட்டும்தான் என்ற நிலை நிறைய உண்டு. பூஜைக் கடைக்காரருக்கு அதுதான் நடந்தது. கோப்பு ஸ்டுடியோவின் சேமிப்பில் அப்படியே இருந்தது; ஒரு போன் போட்டதும் புது லிங்க் வந்துவிட்டது. சில சேவைகள் கெடு முடிந்ததும் கோப்பையே அழித்துவிடும். அப்போது ஸ்டுடியோவின் ஹார்டு டிஸ்க்தான் கதி. கார்த்திகை முகூர்த்தம் முடிந்து, மார்கழி கழிந்து, தை பிறந்தால் அதே மெமரி கார்டுகளில் அடுத்த கல்யாணங்கள் ஏறத் தொடங்கும். அதனால் தேதியைத் திருப்பி விளையாடும் நேரத்தில் அனுப்பியவரைக் கூப்பிடுங்கள். லிங்க் வந்த நாளிலேயே இறக்கி, கோப்பு போனில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அனுப்புகிறவர்களுக்கு. ஸ்டுடியோக்காரர்கள், அச்சகத்தார், ஆடிட்டர் ஆபீஸ் பிள்ளைகள், எல்லோரும் கேளுங்கள். வெறும் லிங்கை மட்டும் தட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்த லிங்க் செத்த மறுநாள், உங்கள் செய்தியில் படிக்க ஒன்றுமே மிஞ்சாது. யார் அனுப்பினார்கள், என்ன அனுப்பினார்கள், யாரிடம் கேட்பது என்று பெறுபவருக்குத் தெரியாது. பெயரில்லாத லிங்கை மோசடி என்று பயந்து தொடாமல் விடுகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானதும்கூட. தமிழில் நாலு வரி எழுத ஒரு நிமிடம் போதும்:

"ஸ்டுடியோவிலிருந்து. உங்கள் மகள் கல்யாணப் படங்கள், 640 படம், 2.8 ஜிபி. டிசம்பர் 4 இரவு 7 மணிக்குள் இறக்கிக்கொள்ளவும். முடியாவிட்டால் இதே எண்ணுக்குக் கூப்பிடவும். தை முடியும்வரை எங்களிடம் காப்பி இருக்கும்."

அச்சகத்தார் பத்திரிகை ப்ரூஃப் அனுப்பினால் முகூர்த்தத் தேதி, நேரம், மண்டபத்தின் பெயர் மூன்றையும் செய்தியிலேயே எழுதுங்கள். லிங்க் போனாலும் வீட்டுக்காரர் அந்த மூன்றையும் சரிபார்த்துப் பதில் சொல்ல முடியும். கெடு வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தக் கெடுவைப் பெறுபவருக்குச் சொல்லாமல் விடும் உரிமை உங்களுக்கு இல்லை.