மெம்பிரேன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

"மெம்பிரேன் போட்டாச்சு சார், இனி தண்ணி எங்கே இறங்கும்? மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம்." மொட்டை மாடி வேலை நடக்கும் இடங்களில் ஓயாமல் கேட்கும் பேச்சு இது. முழுத் தவறு.

கோடை மதியத்தில் மாடி டைல்ஸ் 60 டிகிரி வரை சுடும். விடியற்காலையில் 30-க்கு இறங்கிவிடும். இந்த 30 டிகிரி வித்தியாசத்தில் 10 மீட்டர் நீளமுள்ள சிமென்ட் அடுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அடியில் இருக்கும் தளமோ அவ்வளவு சூடேறாது, அவ்வளவு நகரவும் நகராது. இரண்டுக்கும் நடுவே, இரண்டோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் மெம்பிரேனை இந்த இழுபறி தினமும் வதைக்கிறது. முதலில் விடுவது, கைப்பிடிச் சுவரோரம் அது மேலே ஏறும் மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இணைப்புகளும்தான். கலவை சரியாகப் பிடிக்காத வழவழப்பான மெம்பிரேனாக இருந்தால் வேறு வினை: டைல்ஸ் பெயர்ந்து, தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றோசை தரும்.

ஆகவே மேலடுக்கு தன்போக்கில் நகர வழி விட வேண்டும். சாய்வுப் பூச்சு காய்ந்து, மெம்பிரேன் ஒட்டி, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கசிவில்லை என்று உறுதியான பிறகு, 250 மைக்ரான் பாலித்தீன் தாளையோ ஜியோடெக்ஸ்டைல் துணியையோ ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று 10 சென்டிமீட்டர் ஏறும்படி சும்மா விரிக்க வேண்டும். ஒட்டக் கூடாது. அதன்மேல் 4 முதல் 5 சென்டிமீட்டர் கனத்தில் பாதுகாப்புக் கான்கிரீட். 3 மீட்டருக்கு ஓர் இடைவெளி, கைப்பிடிச் சுவரைச் சுற்றிலும் ஓர் இடைவெளி. அவற்றில் சிமென்ட் அடைக்காமல் மிருதுவான நிரப்பியும் சீலன்ட்டும் போட வேண்டும். கான்கிரீட் இடைவெளிக்கு நேராகவே டைல்ஸ் இடைவெளியும் வர வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது. கான்கிரீட்டில் விட்ட இடைவெளியை டைல்ஸால் மூடினால் அங்கேயே வெடிக்கும்.

"தாள்தான் தண்ணீரைத் தடுக்கும்" என்பதும் தவறு. அது வழுக்குவதற்கு மட்டும். "4 மில்லிமீட்டர் மெம்பிரேனுக்குப் பாதுகாப்பு எதற்கு?" என்பவர்கள், மண்வெட்டி முனையும் செருப்பில் சிக்கிய ஜல்லியும் அதில் போட்ட ஓட்டைகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். டைல்ஸ் கலவையில் ஊற்றும் ரசாயனமும் கிழிந்த மெம்பிரேனைத் தைக்காது.

ஒப்பந்தக்காரர் தரும் விலைப்பட்டியலில் 'வாட்டர் புரூஃபிங், மொத்தம்' என்று ஒரே வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தாள், பாதுகாப்புக் கான்கிரீட், தேக்கிப் பார்க்கும் சோதனை மூன்றும் தனித்தனி வரியாக வேண்டும். பட்டியலில் இல்லாததுதான் தளத்தில் முதலில் காணாமல் போகிறது.

ஏற்கெனவே ஒட்டிவிட்ட மாடியில் வெற்றோசையும் சுவரோர விரிசலும் தெரிந்தால், சந்துகளில் கிரவுட் பூசிப் பயனில்லை. கூரையில் ஓதம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மெம்பிரேனுக்கு அடியில் புகுந்த தண்ணீர் சாய்வுப் பூச்சு வழியே எங்கோ போய்த்தான் இறங்கும். அந்தப் பகுதியின் டைல்ஸை மெம்பிரேன் வரை பெயர்த்து, கிழிசலைச் சரிசெய்து, மறுபடி தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே தாளை விரிக்க முடியும்.