எஸ்.டி. உயராத மாரடைப்பு: ஆஞ்சியோவுக்கு எவ்வளவு அவசரம்?

"ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. ஏறவில்லை; ஆனால் ரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருக்கிறது" என்று டாக்டர் சொன்னதும் நோயாளியின் குடும்பம் இரண்டு அணியாகிவிடுகிறது. "சின்ன அட்டாக்தான், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது ஒரு அணி. "இன்று ராத்திரியே ஆஞ்சியோ செய்துவிடுங்கள்" என்பது மற்றொன்று. இந்த நோயாளிக்கு ஆபத்து எவ்வளவு என்று இரண்டு அணியுமே கேட்பதில்லை.

நம்பிக்கை 1: எஸ்.டி. ஏறவில்லை என்றால் சின்ன அட்டாக்.

உண்மை: எஸ்.டி. உயர்வு பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டதைக் காட்டுகிறது. அதனால்தான் அங்கே நிமிடக் கணக்கில் ஓடுகிறார்கள். உயர்வு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் குழாயில் கொஞ்சம் வழி மிச்சமிருக்கும். ஆனால் இவர்களில் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்கள் அதிகம். முதல் சில நாட்களில் இறப்பு குறைவாகத் தெரிந்தாலும், ஓராண்டு, இரண்டாண்டு கழித்துப் பார்க்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

நம்பிக்கை 2: வலி எவ்வளவு கடுமையோ, ஆபத்தும் அவ்வளவு.

உண்மை: ஆபத்தை அளக்க இதய மருத்துவர்கள் அதிகம் நம்புவது கிரேஸ் மதிப்பெண். அதில் எட்டு விவரங்கள் உண்டு: வயது, நாடித்துடிப்பு, மேல் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்பது, எஸ்.டி. மாற்றம், ட்ரோபோனின், வரும்போதே இதயம் நின்றுபோயிருந்ததா என்பது. வலியின் கடுமைக்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். 72 வயது அம்மாவுக்கு நெஞ்சுவலியே இல்லை. மூச்சு வாங்குகிறது, மேல்வயிற்றில் ஒரு சங்கடம். வயதுக்கு 75 புள்ளி, அழுத்தம் 118 என்பதற்கு 43, நாடி 104 என்பதற்கு 15, கிரியாட்டினின் 1.3 என்பதற்கு 10, நுரையீரலின் அடிப்பகுதியில் நீர்ச் சத்தம் கேட்பதற்கு 20, எஸ்.டி. இறக்கத்துக்கு 28, ட்ரோபோனினுக்கு 14. மொத்தம் 205. 46 வயதுக்காரர் ஒருவர் வலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார். வயதுக்கு 25, அழுத்தம் 150 என்பதற்கு 24, நாடி 78 என்பதற்கு 9, கிரியாட்டினின் 0.9 என்பதற்கு 7, ட்ரோபோனினுக்கு 14. மொத்தம் 79.

140-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து, 108 வரை குறைந்த ஆபத்து. அமைதியாகப் படுத்திருக்கும் அம்மாதான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

நம்பிக்கை 3: யாராக இருந்தாலும், ஆஞ்சியோ எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

உண்மை: இதைத்தான் 2009-இல் வெளியான டிமாக்ஸ் ஆய்வு சோதித்தது. 3,031 பேரில் ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரத்துக்குள்ளும், மற்றொரு பிரிவினருக்கு 36 மணி நேரம் கழித்தும் ஆஞ்சியோ செய்யத் திட்டமிட்டார்கள். ஆறு மாத முடிவில் இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சீக்கிரம் செய்தவர்களில் 9.6 சதவீதம், தாமதித்தவர்களில் 11.3 சதவீதம். புள்ளியியல்படி இதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் கிரேஸ் 140-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, தாமதித்தவர்களில் 21 சதவீதம், சீக்கிரம் செய்தவர்களில் 13.9 சதவீதம். டென்மார்க்கில் நடந்த வெர்டிக்ட் ஆய்வும் 2018-இல் இதே திசையைக் காட்டியது.

இரண்டுமே ஆய்வுக்குள் பிரித்த ஒரு குழுவின் கணக்கு. அதனால் இறுதித் தீர்ப்பு ஆகாது. 2020-இல் அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 24 மணி நேர ஆஞ்சியோவை உறுதியாகப் பரிந்துரைத்த ஐரோப்பிய இதயவியல் சங்கம், 2023-இல் அந்தப் பரிந்துரையை ஒரு படி தளர்த்தியது.

நம்பிக்கை 4: மதிப்பெண் குறைவு என்றால் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

உண்மை: அந்த 46 வயதுக்காரருக்கு மருந்து கொடுத்தும் வலி அடங்கவில்லை என்றால், 79 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை. அடங்காத வலி, சரியும் ரத்த அழுத்தம், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல், ஆபத்தான துடிப்புக் கோளாறு — இவற்றில் ஒன்று வந்தாலும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்கும் மூச்சுத் திணறல் கூடினால் 24 மணி நேரக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ட்ரோபோனின் கூடிய மாரடைப்பு என்று உறுதியானால், வீட்டுக்குப் போகும் முன்பே ஆஞ்சியோ செய்துவிடுவதுதான் பொதுவான நடைமுறை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் டாக்டரிடம் "கிரேஸ் மதிப்பெண் எவ்வளவு?" என்று கேளுங்கள். வார்டில் காத்திருக்கும்போது வலி திரும்பினால், கூடினால், மூச்சு வாங்கினால், காலை ரவுண்ட்ஸ் வரை பொறுக்காமல் அந்த நிமிடமே நர்ஸை அழையுங்கள்.