விழாவுக்கு முந்திய வாரம்: பாடகியரின் குரலுக்கு ஓய்வு

இசை விழா நெருங்கும்போது நம் பள்ளிப் பாடற்குழு மாணவியருக்கு நாம் ஆண்டுதோறும் சொல்லும் செய்தியை இங்கே எழுதித் தருகிறோம். வீட்டில் உடனிருக்கும் பெற்றோரும் இதைப் படித்தால் நன்று.

அன்புள்ள பாடகியரே! சனிக்கிழமை மாலை விழா. பாடல்களை எல்லாம் கற்றுவிட்டோம். எஞ்சிய ஆறு நாட்களில் நமக்குள்ள வேலை, கற்றதைப் பாட வேண்டிய குரலைப் பேணுவதே.

நம் குரல்வளைக்குள் இரண்டு சிறிய குரல் நாண்கள் உள்ளன. மூச்சுக்காற்று அவற்றினூடே வரும்போது அவை ஒன்றோடொன்று தட்டி அதிர்கின்றன. பெண்கள் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை அதிரும். சோப்ரானோக்கள் பாடும் நடு 'ஏ' சுரத்தில் 440 தடவை. அதை ஒரு நிமிடம் நீட்டினால் 26,400 தடவை! மென்மையாகத் தட்டினால் கேடில்லை. கத்தும்போதோ பலமாக அறைந்துகொள்கின்றன. அதனால் விளிம்புகள் வீங்குகின்றன. வீங்கிய நாண்கள் சரிவர மூடுவதில்லை. ஆகவே உயர்ந்த சுரங்களை மெல்லப் பாடும் திறனே முதலில் போகிறது. உரக்கப் பாடினால் அதே சுரம் வந்துவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

எனவே நாள்தோறும் காலையில் ஒரு சோதனை செய்யுங்கள். தெரிந்த பாட்டின் முதல் வரியை, தூங்கும் குழந்தை விழித்துவிடாதபடி அத்தனை மெதுவாக, சற்று உயர்ந்த சுரத்தில் பாடுங்கள். பிறகு ஒவ்வொரு சுரமாக மேலே செல்லுங்கள். எந்தச் சுரம்வரை தெளிவாக வருகிறது என்று ஞாயிறன்றே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே சுரத்தில் முதலில் வெறுங்காற்று வந்து, ஒலி தாமதித்து வந்தால், நாண்கள் வீங்கியுள்ளன என்று அறியலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கேளுங்கள். திங்களன்று விளையாட்டுப் போட்டி. நம் சோப்ரானோ ஒருத்தி தன் அணிக்காக மாலைவரை கத்தினாள். செவ்வாய்க் காலை சோதனையில், ஞாயிறன்று எளிதாக வந்த சுரத்துக்கு இரண்டு சுரம் கீழேயே குரல் நின்றுவிட்டது. அஞ்சிய அவள் அன்று முழுவதும் கிசுகிசுத்தே பேசினாள். இடையிடையே தொண்டையைச் செருமினாள். இரண்டுமே தவறு. அழுத்திக் கிசுகிசுப்பது குரல்வளையை இறுக்கும். செருமுவது நாண்களை உரசவிடும். செருமத் தோன்றினால் ஒரு வாய் நீர் பருகுவதே நல்லது.

நாம் அவளிடம் சொன்னது இதுதான்: அவசியமானால் இயல்பான குரலில் மெல்லப் பேசு, இல்லையேல் பேசாதே. செவ்வாய், புதன் இரு நாட்களும் ஒத்திகையில் பாட்டுத்தாளுடன் உட்கார்ந்து உதடுகளை மட்டும் அசைத்தாள். வியாழன் காலை ஒரு சுரம் மீண்டது. அன்று ஐந்து நிமிடம் வாய்மூடி முனகிவிட்டு, நடுச் சுரங்களை மட்டும் பாதிக் குரலில் பாடினாள். வெள்ளியன்று பழைய சுரம் தெளிவாக வந்தது. சனியன்று எல்லாருடனும் பாடினாள். வராதிருந்தால் உயர்ந்த பாடல்களில் அவளை நிறுத்திவைக்கவே நாம் தீர்மானித்திருந்தோம்.

நலமான குரலுக்கு ஒரு வாரம் முழு மௌனம் தேவையில்லை. பாடும் தசைகள் பழக்கம் விட்டுப்போகும். நம் குழு புதன்வரை வழக்கம்போல் பாடும். வியாழன் பாதிக் குரல். வெள்ளி இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் பேருந்தின் இரைச்சலில் கத்திப் பேசுவதையும், மாடியிலிருந்து தங்கையைக் கூவி அழைப்பதையும் வாரம் முழுவதும் விட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். குடிக்கும் நீர் உணவுக்குழாய் வழியே போகிறது. குரல் நாண்களைத் தொடுவதில்லை. உடலில் சேர்ந்த பிறகே அவற்றுக்குப் பயன்படும். மேடையேறுமுன் ஒரு சொம்பு குடிப்பதால் பயனில்லை. வாரத் தொடக்கத்திலிருந்தே அளவாகக் குடித்து வாருங்கள். பனங்கற்கண்டும் மிளகுப்பாலும் தொண்டைக்கு இதமே. வீங்கிய நாண்களை அவை வற்றச் செய்யா. நோவை மறைக்கும் மிட்டாய்களைச் சப்பிக்கொண்டு பாடுவது ஆபத்து. வலி தரும் எச்சரிக்கை அப்போது நமக்குக் கேட்காது.

பெற்றோர்க்கு: பாடும்போதோ கத்தும்போதோ குரல் திடீரென அறுந்துபோனால், உடனே மௌனம் காக்கச் சொல்லி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் கடந்தும் கரகரப்பு நீங்காவிட்டாலும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். அத்தகைய குரல் ஓய்வினால் மட்டும் சீராகும் என்று காத்திருக்கலாகாது.

பாடகியரே, ஞாயிறு காலை குறித்த சுரத்தை ஒரு தாளில் எழுதி, திங்கள் ஒத்திகைக்குக் கொண்டுவாருங்கள்.